இறந்த காயின்கள் இல்லாத கணக்கு
பேக்டெஸ்டில் காட்டும் லாபம் ஏன் கைக்கு வருவதில்லை?

ஒரு வர்த்தக உத்தியில் பணம் போடுவதற்கு முன், அதைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர். கிரிப்டோ சந்தையில் இதைச் செய்வது எளிது. விலைத் தரவு பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் ஆயத்தக் கருவிகள் உள்ளன. வழக்கமான தொடக்கம் இதுதான்: இன்று சந்தை மதிப்பில் முதலிடங்களில் உள்ள இருபது அல்லது ஐம்பது காயின்களை எடுத்துக்கொள்வது, அவற்றின் ஐந்தாண்டு விலைகளை இறக்குவது, உத்தியை ஓட்டுவது. பிழை அந்த முதல் படியிலேயே நுழைந்துவிடுகிறது.

இன்றைய முதல் ஐம்பது என்பது ஐந்தாண்டு ஓட்டத்தின் முடிவில் எழுதப்பட்ட பட்டியல். ஐந்தாண்டுகளுக்கு முன் வாங்க நின்றவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அன்று அவர் முன் இருந்த பட்டியலில், பின்னர் எக்ஸ்சேஞ்சுகள் நீக்கியவையும், மோசடி என்று வெளிப்பட்டவையும், வாங்க ஆளின்றித் தேய்ந்தவையும் கலந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு, பிழைத்தவற்றை மட்டும் வைத்துக் கடந்த காலத்தை அளப்பதால் வரும் பிழையைப் பிழைத்தவற்றின் சாய்வு என்கிறார்கள். பங்குச் சந்தை ஆய்வாளர்களுக்கு இது பழகிய சிக்கல். கிரிப்டோவில் அது பல மடங்கு பெரிது. இங்கே காயின்கள் விரைவாகப் பிறந்து விரைவாக மறைகின்றன. கிரிப்டோ தரவுத்தளமான காயின்கெக்கோ 2024 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கின்படி, 2014 முதல் அது பட்டியலிட்ட 24,000க்கும் மேற்பட்ட காயின்களில் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்டன.

ஒரே ஒரு பெயர் மாறிய பட்டியல்

இந்தச் சாய்வு எவ்வளவு சிறிய மாற்றத்திலிருந்தும் வரலாம் என்பதை 2022ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகிறது. அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில், ஸ்டேபிள்காயின்களைத் தவிர்த்துப் பார்த்தால், சந்தை மதிப்பில் முதல் பத்து இடங்களில் இருந்தவை இவை: பிட்காயின், எத்திரியம், பிஎன்பி, சொலானா, கார்டானோ, எக்ஸ்ஆர்பி, டெர்ராவின் லூனா, போல்காடாட், அவலாஞ்ச், டோஜ்காயின். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 முடிவில் அதே முறையில் எடுத்த பட்டியலில் இவற்றில் ஒன்பது அப்படியே இருந்தன. லூனா மட்டும் இல்லை. அந்த இடத்தில் டிரான் இருந்தது.

பத்தில் ஒன்று மாறினால் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று தோன்றலாம். வாங்கி வைத்துக் காத்திருக்கும் உத்திக்கு உண்மையில் பெரிய வேறுபாடு வருவதில்லை. பத்திலும் சமமாகப் பணம் போட்டிருந்தால் லூனாவின் மரணம் தொகையில் பத்தில் ஒரு பங்கைத்தான் கொண்டுபோகும். அந்த ஆண்டு மற்ற ஒன்பதும் பாதிக்கு மேல் சரிந்ததால், லூனாவைச் சேர்த்தாலும் விட்டாலும் 2022இன் சராசரி நட்டம் 75 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும்.

சரியச் சரிய வாங்கும் உத்தியில் கதை வேறு. கிரிப்டோ பாட்களில் மிகுதியாகப் புழங்கும் உத்தி இது. விலை குறையும்போதெல்லாம் முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு போட்டு, சராசரி வாங்கு விலையைக் கீழே இழுப்பார்கள். சிறிய மீட்சி வந்தாலும் மொத்தமும் லாபத்துக்கு வந்துவிடும். இதை மார்ட்டிங்கேல் என்பார்கள். இதன் விதியை எளிமையாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 2022 ஜனவரி 2 அன்று 100 டாலருக்கு வாங்க வேண்டும். விலை பாதியானால் 200 டாலருக்கு, மேலும் பாதியானால் 400 டாலருக்கு என்று தொடர வேண்டும். ஒரு காயினுக்கு உச்சவரம்பு 10,000 டாலர். 2023 முடிவில் விற்க வேண்டும்.

முதலில் சொலானா. ஜனவரி 2 அன்று அதன் விலை ஏறத்தாழ 176 டாலர். அந்த ஆண்டு முழுதும் அது சரிந்தது; நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது இன்னும் ஆழமாக விழுந்தது. 176, 88, 44, 22, 11 என்று ஐந்து வாங்கல்கள் நடந்திருக்கும். ஆறாவது வாங்கலுக்கு உரிய 5.50 டாலரை விலை தொடவில்லை. போட்ட மொத்தப் பணம் 3,100 டாலர். கையில் இருப்பது ஏறத்தாழ 194 காயின்கள். சராசரி வாங்கு விலை 16 டாலர். 2023 முடிவில் சொலானா 100 டாலரைத் தொட்டிருந்தது. எனவே 3,100 டாலர் 19,000 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். இதே விதியில் மற்ற எட்டு காயின்களையும் ஓட்டினால் பெரும்பாலானவை லாபம் காட்டுகின்றன. நட்டம் காட்டுபவற்றிலும் நட்டம் சிறியதே. 2024 ஜனவரியில் அன்றைய பட்டியலை வைத்து இந்தச் சோதனையைச் செய்தவருக்கு, உத்தி அபாயமில்லாத ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

அடுத்து லூனா. ஜனவரி 2 அன்று விலை ஏறத்தாழ 90 டாலர். ஏப்ரல் தொடக்கத்தில் அது 119 டாலர் வரை ஏறியது. மே இரண்டாம் வாரத்தில், லூனாவோடு பிணைக்கப்பட்டிருந்த யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் ஒரு டாலர் மதிப்பில் நிற்க முடியாமல் நழுவியது. யுஎஸ்டியைக் கொடுத்தவர்களுக்கு ஒரு டாலர் மதிப்புள்ள லூனாவைப் புதிதாக உருவாக்கித் தருவதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. லூனாவின் விலை விழ விழ, ஒவ்வொரு டாலருக்கும் மேலும் மேலும் அதிக லூனா அச்சாக வேண்டியிருந்தது. அச்சானது மீண்டும் விலையை விழுத்தியது. சில நாட்களில் 35 கோடிக்கும் குறைவாக இருந்த லூனாவின் எண்ணிக்கை 6 லட்சம் கோடியைத் தாண்டியது. மே 8 அன்று 60 டாலருக்கு மேல் இருந்த விலை, மே 11 அன்று ஒரு டாலர் அளவுக்கு வந்தது. மே 12 அன்று ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

உத்தியின் வாங்கல்கள் 90, 45, 22.50, 11.25, 5.60, 2.80 என்று தொடர்ந்திருக்கும். ஆறு வாங்கல்களில் 6,300 டாலர் தீர்ந்திருக்கும். ஏழாவதுக்கு 6,400 தேவை. கையில் மீதி 3,700 மட்டுமே. 1.40 டாலரில் அதையும் போட்டு, மே 11க்குள் 10,000 டாலரும் லூனாவுக்குள் போயிருக்கும். 4,100க்கும் சற்று அதிகமான அந்தக் காயின்களின் மதிப்பு 2023 முடிவில் ஒரு டாலருக்கும் கீழே. பின்னர் தொடங்கப்பட்ட புதிய பிளாக்செயினில் பழைய உரிமையாளர்களுக்குத் தரப்பட்ட பங்கைச் சேர்த்தாலும் கணக்கின் முடிவு மாறாது.

இரண்டு காயின்களிலும் விதி ஒன்றே. சொலானாவில் 3,100 டாலர் ஆறு மடங்கானது. லூனாவில் 10,000 டாலர் அழிந்தது. மேலும், உத்தி தானாகவே இறக்கும் காயினில்தான் அதிகப் பணத்தைப் போடுகிறது. பிழைத்த காயின்களில் வாங்கல் இரண்டு முதல் ஐந்து முறையோடு நின்றுவிட்டது. இறந்த காயினில் வரம்பு முட்டும்வரை போனது. எனவே எண்ணிக்கையில் பத்தில் ஒன்றாக இருந்த லூனா, போட்ட பணத்தில் பாதிக்கும் மேலான பங்கைப் பிடித்துக்கொண்டது. இன்றைய பட்டியலை வைத்துச் செய்யும் சோதனை இந்த ஓர் உண்மையைத்தான் மறைக்கிறது. இன்றைய பட்டியலில் உள்ள ஒவ்வொரு காயினும், எவ்வளவு ஆழமாக விழுந்திருந்தாலும், மீண்டு வந்த காயின். மீளும் என்று பந்தயம் கட்டும் உத்தியை, மீண்டவற்றில் மட்டும் சோதித்தால் அது தோற்க வழியே இல்லை.

ஏறுமுக உத்தியும் தப்புவதில்லை

ஏறுகிற காயினின் பின்னால் போகும் உத்திகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். பிட்கனெக்ட் அதற்கு மறுப்பு. 2017 தொடக்கத்தில் ஒரு டாலருக்கும் கீழே இருந்த அந்தக் காயின், ஆண்டு முடிவில் 400 டாலரைத் தாண்டி, சந்தை மதிப்பில் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. ஏறுமுகத்தைத் தேடும் எந்த உத்தியும் அந்த ஆண்டில் அதைத் தவறவிட்டிருக்காது. 2018 ஜனவரி 16 அன்று அந்நிறுவனம் தன் கடன் திட்டத்தை மூடியது. ஒரே நாளில் விலை 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. இது 240 கோடி டாலர் மோசடி என்று பின்னாளில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது.

எல்லா மறைவும் இப்படிச் சத்தத்தோடு நடப்பதில்லை. 2018 ஜனவரியில் முதல் பத்தில் இருந்த நெம், ஒன்றரை டாலருக்கு மேல் விற்றது. அதன்பின் படிப்படியாகத் தேய்ந்து, சில சென்ட்டுகளுக்கு வந்து, 2024 ஜூன் 17 அன்று வேவ்ஸ், ஓஎம்ஜி ஆகியவற்றோடு சேர்த்து பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து நீக்கப்பட்டது. இத்தகைய காயின்கள் டீலிஸ்ட் ஆவதற்கு வெகு முன்பே முதல் ஐம்பதிலிருந்து வெளியேறிவிடுகின்றன. எனவே டீலிஸ்ட் ஆனவற்றைச் சேர்த்தால் போதும் என்பதும் சரியல்ல. இன்னும் எங்கோ விற்றுக்கொண்டிருந்தாலும் தரவரிசையில் கீழே போனவையும் கணக்கில் வர வேண்டும்.

சாய்வின் அளவு, பணத்தை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதையும் பொறுத்தது. மானுவேல் அம்மானும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சந்தை மதிப்புக்கு ஏற்ப எடை கொடுத்த தொகுப்புகளில் இந்தச் சாய்வு ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. எல்லாக் காயின்களுக்கும் சம எடை கொடுத்த தொகுப்புகளிலோ அது ஆண்டுக்கு 60 விழுக்காட்டைத் தாண்டியது. காரணம் எளிது. மதிப்புக்கு ஏற்ற எடையில் பணத்தின் பெரும்பகுதி பிட்காயினிலும் எத்திரியத்திலும் கிடக்கிறது. அவை இரண்டும் பிழைத்தவை. சம எடையில் சிறிய காயின்களுக்கும் அதே பங்கு கிடைக்கிறது. மரணம் அங்கேதான் அடர்த்தி.

தரவில் சாய்வு நுழையும் வழிகள்

பட்டியலைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தவரின் கணக்கிலும் தரவின் வழியாக இந்தப் பிழை நுழையலாம். முதல் வழி, எக்ஸ்சேஞ்ச் தரும் ஜோடிகளின் பட்டியல். பைனான்ஸின் ஏபிஐயில் `exchangeInfo` என்று கேட்டால் வரும் விடையில், பெரும்பாலான நிரல்கள் `TRADING` என்ற நிலையில் உள்ள ஜோடிகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கின்றன. வர்த்தகம் நின்றுபோன ஜோடி அங்கேயே கழிந்துவிடும். ஃப்ரீக்ட்ரேட் என்ற பரவலான திறந்தமூல பாட்டிலும் இதே நிலை. அதில் வர்த்தக அளவை வைத்துக் காயின்களைத் தேர்ந்தெடுக்கும் `VolumePairList` என்ற வசதி இன்றைய சந்தை நிலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. அது தரும் பட்டியலை எடுத்து பேக்டெஸ்டில் பயன்படுத்தினால் இன்றைய வெற்றியாளர்களே கடந்த காலத்துக்குப் போய்ச் சேருகிறார்கள்.

இரண்டாவது வழி, பெயர்க் குறியீடு. டெர்ராவின் புதிய பிளாக்செயின் 2022 மே இறுதியில் தொடங்கப்பட்டபோது, அதன் காயினுக்கே லூனா என்ற பழைய பெயர் தரப்பட்டது. பழைய காயின் லூனா கிளாசிக் ஆகி, `LUNC` என்ற குறியீட்டைப் பெற்றது. `LUNAUSDT` என்ற ஒரே கோப்பில் மே 13 வரை ஒரு காயின். மே 31 முதல் வேறொரு காயின். முதலாவது ஒரு சென்ட்டின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே முடிகிறது. இரண்டாவது சில டாலர்களில் தொடங்குகிறது. இரண்டையும் ஒட்டிப் படிக்கும் நிரல், அந்தப் பதினெட்டு நாட்களில் விலை பல பத்தாயிரம் மடங்கு ஏறியதாகக் கணக்கிடும். முற்றாக அழிந்த முதலீடு, அந்தக் கணக்கில் அதுவரை யாரும் காணாத லாபமாகிவிடும். எனவே காயின்களைக் குறியீட்டால் இனங்காணக் கூடாது. தரவுத்தளங்கள் ஒவ்வொரு காயினுக்கும் தரும் மாறாத அடையாள எண்ணால் இனங்காண வேண்டும்.

ஒருவரின் தரவு ஏற்கெனவே சாய்ந்திருக்கிறதா என்பதை இரண்டு வரியில் சோதிக்கலாம். ஒவ்வொரு காயினின் கடைசி விலை நாளை எடுத்து, சோதனை முடியும் நாளுக்கு முன்பே தரவு நின்றுபோனவை எத்தனை என்று எண்ண வேண்டும்:

```python
last = prices.groupby("coin_id")["date"].max()
print((last < end_date).sum())
```

பல ஆண்டுச் சோதனையில் நூறு காயின்கள் இருந்து, விடை பூஜ்யம் என்று வந்தால், பட்டியலில் பிழைத்தவை மட்டுமே உள்ளன. கிரிப்டோவில் நூறு காயின்களும் ஐந்தாண்டு தாண்டி நிற்பது நடப்பதல்ல.

அன்றைய பட்டியலை மீட்டெடுப்பது

தீர்வின் அடிப்படை ஒன்றே: ஒவ்வொரு நாளும் எந்தக் காயின்கள் தேர்வுக்கு உரியவை என்பதை, அந்த நாளில் தெரிந்திருந்த தகவலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும். இதற்கு உதவும் கருவூலம் காயின்மார்க்கெட்கேப் தளத்தில் உள்ளது. `coinmarketcap.com/historical/20180107/` என்பது போல நாளைக் கொடுத்தால், அந்த வாரத்தில் தரவரிசை இருந்தபடியே கிடைக்கும். அதில் பிட்கனெக்டும் இருக்கிறது, நெம்மும் இருக்கிறது. மாதம் ஒருமுறை முதல் ஐம்பதைத் தேர்வதென்றால், சோதனையின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்துக்கும் உரிய பக்கத்தை எடுத்துப் பட்டியலை மாற்றிக்கொண்டே வர வேண்டும். அந்தந்த மாதம் உள்ளே வருவன வாங்கத் தகுதி பெறும். வெளியேறியவற்றை உத்தியின் விதிப்படி விற்க வேண்டும். விற்கும் விலை அன்றைய விலையாக இருக்க வேண்டுமே தவிர, காயின் பட்டியலில் இல்லை என்பதற்காகக் கணக்கிலிருந்து காணாமல் போகக் கூடாது.

செயலிழந்த காயின்களின் அடையாள எண்களைப் பெற, அதே தளத்தின் ஏபிஐயில் `listing_status=inactive` என்று கேட்கலாம். பைனான்ஸில் நடந்த உண்மையான வர்த்தக விலைகள் வேண்டுமானால், `data.binance.vision` என்ற அதன் காப்பகத்தில் நீக்கப்பட்ட ஜோடிகளின் பழைய கோப்புகளும் உள்ளன. ஃப்ரீக்ட்ரேட் பயன்படுத்துவோர் தரவை இறக்கும்போது `--include-inactive-pairs` என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி விலைக்குப் பின் என்ன?

தரவு நின்றுபோகும் நாளில் கையில் காயின் இருந்தால் அதன் மதிப்பை என்னவென்று வைப்பது? இதுவே மிகக் கடினமான கேள்வி. பல நிரல்கள் கடைசி விலையிலேயே விற்றதாக வைத்துக்கொள்கின்றன. பங்குச் சந்தையில் இதே தவறு நெடுங்காலம் நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கிய சிஆர்எஸ்பி என்ற பங்குத் தரவகம் மறைந்த நிறுவனங்களையும் சேர்த்தே வைத்திருந்தது. ஆனால் மோசமான காரணங்களுக்காக நீக்கப்பட்ட பல பங்குகளின் கடைசி இழப்பு அதில் பதிவாகவில்லை என்பதை டைலர் ஷம்வே 1997இல் காட்டினார். நியூயார்க் சந்தைப் பங்குகளில் அப்படி விடுபட்ட இடங்களில் 30 விழுக்காடு நட்டம் என்று நிரப்பலாம் என்பது அவர் முன்வைத்த வழி. ஆய்வாளர்கள் அதை இன்றும் பின்பற்றுகிறார்கள்.

கிரிப்டோவில் அப்படி ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது. லூனாவுக்கும் பிட்கனெக்டுக்கும் நூறு விழுக்காடு நட்டம் என்பதே உண்மைக்கு அருகில் வரும். மொனேரோவுக்கு அது பொருந்தாது. பைனான்ஸ் அதை 2024 பிப்ரவரி 20 அன்று நீக்கியது. அறிவிப்பு வந்த அன்று விலை கடுமையாக விழுந்தாலும், பிற எக்ஸ்சேஞ்சுகளில் வர்த்தகம் தொடர்ந்தது, விலையும் மீண்டது. அதன் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதினால், பிழை எதிர்த் திசையில் வரும். நீக்கத்துக்கு முன் அறிவிப்பு வந்திருந்தால், அறிவிப்புக்கு அடுத்த நாள் விலையில் விற்றதாக வைப்பது நியாயமான வழி. அறிவிப்பின்றி வர்த்தகம் நின்றிருந்தால், மற்ற எக்ஸ்சேஞ்சுகளில் விலை உள்ளதா என்று பார்க்க வேண்டும். எங்கும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். சந்தேகமான இடங்களில், கடைசி விலை, 50 விழுக்காடு நட்டம், முழு நட்டம் என்று மூன்று வகையிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மூன்றிலும் உத்தி நின்றால் அதை நம்பலாம். கடைசி விலையில் மட்டும் லாபம் காட்டினால், அந்த லாபம் இறந்த காயின்களை யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்ற கற்பனையிலிருந்து வருகிறது.

மீதமிருக்கும் எல்லைகள்

அன்றைய பட்டியலை மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. சந்தை மதிப்புத் தரவரிசையில் இடம்பெற்ற காயின் அன்று வாங்கக் கிடைத்தது என்று பொருளல்ல. பிட்கனெக்டின் வர்த்தகத்தில் பெரும்பங்கு அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே நடந்தது. எனவே உத்தி எந்த எக்ஸ்சேஞ்சில் ஓடப்போகிறதோ, அங்கே அன்று பட்டியலிடப்பட்டிருந்தவையே தேர்வுக்கு உரியவை. குறைந்தபட்ச வர்த்தக அளவு என்ற வடிகட்டியையும் அன்றைய எண்களை வைத்தே போட வேண்டும். சரிவு நாட்களில் கோப்பில் உள்ள விலைக்கே விற்க முடிந்திருக்கும் என்ற எண்ணமும் தவறு. லூனா வீழ்ந்த வாரத்தில் எக்ஸ்சேஞ்சுகள் வர்த்தகத்தையும் பணம் எடுப்பதையும் இடையிடையே நிறுத்தின.

இன்னொரு எல்லை, நிறுத்த விதி. லூனாவைப் பார்த்த பிறகு, 'காயினின் எண்ணிக்கை திடீரெனப் பெருகினால் வாங்காதே' என்று ஒரு விதியைச் சேர்த்து, அதே தரவில் மீண்டும் ஓட்டினால் கணக்கு அழகாகும். ஆனால் அந்த விதி லூனாவைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதப்பட்டது. அடுத்து இறக்கும் காயின் வேறு காரணத்தால் இறக்கலாம். ஒரு காயினில் போடும் மொத்தப் பணத்துக்கு வரம்பு வைப்பது போன்ற, காரணத்தைச் சாராத விதிகளே இங்கே உதவுபவை. மேலே பார்த்த எடுத்துக்காட்டில் வரம்பு 10,000க்குப் பதில் 1,500 டாலராக இருந்திருந்தால், லூனாவில் போவது நான்கு வாங்கல்களோடு நின்றிருக்கும். சொலானாவின் லாபமும் குறைந்திருக்கும். அது அந்தப் பாதுகாப்புக்கான விலை.

ஆகவே ஒரு பேக்டெஸ்டின் முடிவை யாரேனும் காட்டும்போது, லாப விழுக்காட்டுக்கு முன்பாகக் கேட்க வேண்டியவை மூன்று. காயின் பட்டியல் எந்த நாளில் எடுக்கப்பட்டது? சோதனைக் காலத்துக்குள் அதில் எத்தனை காயின்களின் தரவு நின்றுபோனது? நின்றுபோனவற்றுக்கு என்ன விலை வைக்கப்பட்டது? இந்த மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அந்த லாப விழுக்காட்டை வைத்து உத்தியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.